பினாங்கு ஐசியுவில் தம்பியோடு பத்து நாள்

ஜெலுத்தோங்கில் மோட்டார் சைக்கிளில் விழுந்து தம்பிக்குத் தலையில் பலத்த அடி என்று மாமா போன் செய்ததும் மெல்பர்னிலிருந்து ஓடி வந்தேன். அங்கே நானும் ஐசியு நர்ஸ் என்பதால் முதலில் கண் போனது வயிற்றுக்கு உணவு விடும் குழாய்க்குத்தான்.

அடிபட்டு முப்பது மணி நேரத்தில் குழாயில் விடும் சத்துப் பால் தொடங்கியிருந்தார்கள், மணிக்கு 20 மில்லி. இரண்டு நாளுக்குள் தொடங்குவதே சரி. குழாயை மூக்கு வழியாக விடாமல் வாய் வழியாகப் போட்டிருந்ததும் சரியே, ஏனென்றால் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருந்தால் மூக்கில் விட்ட குழாய் மூளைப் பக்கம் போய்விடக்கூடும்.

நான்காம் நாள்தான் எனக்கு உறுத்தியது. தம்பி 70 கிலோ. கிலோவுக்கு 25 கலோரி என்றால் 1750. மயக்கத்துக்குக் கொடுக்கும் புரோபோஃபால் மருந்து கொழுப்பில் கலந்தது, ஒரு மில்லிக்கு 1.1 கலோரி. மணிக்கு 15 மில்லி ஓடியதில் நாளுக்குக் கிட்டத்தட்ட 400 கலோரி அதிலேயே வந்துவிட, அதைக் கழித்து, மில்லிக்கு ஒரு கலோரி உள்ள பாலை 1350 மில்லியாகக் குறைத்திருந்தார்கள். கலோரிக் கணக்கு சரி. ஆனால் அந்தப் பாலில் 100 மில்லிக்கு 4 கிராம்தான் புரதம், மொத்தம் 54 கிராம். கிலோவுக்கு ஒன்றரை கிராம் என்று வைத்தாலே 105 வேண்டும்! தலையில் இப்படி அடிபட்ட உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னும், மூச்சு விட வேண்டிய தசையும் அதில் சேர்த்தி, அப்புறம் வென்டிலேட்டரை எடுப்பது எப்படி?

டயட்டீஷியன் நம் தமிழ்ப் பெண். கணக்கைக் காட்டினேன். "ஆமாம் அக்கா, கலோரியை மட்டும் பார்த்துட்டோம்" என்று உடனே புரதம் கூடிய பாலுக்கு மாற்றி, மீதிக்குப் புரதப் பொடியை நீரில் கரைத்துக் குழாயில் விடச் சொன்னார், அந்தப் பொடியின் கலோரியையும் மறக்காமல் கழித்தார். அந்தப் பிள்ளையை எத்தனை முறை வாழ்த்தினாலும் தகும்.

சர்க்கரை விஷயத்தில்தான் நடுங்கிவிட்டேன். இரண்டாம் இரவு ரத்தத்தில் லிட்டருக்கு 14 மில்லிமோல் வந்ததால் இன்சுலின் பம்ப் போட்டு 8க்கும் 10க்கும் நடுவே வைத்திருந்தார்கள், அதற்கும் கீழே இறுக்கிப் பிடித்தால் அடிபட்ட மூளைக்குச் சர்க்கரை போதாமல் போகும். ஐந்தாம் நாள் மதியம் சிடி ஸ்கேனுக்காகப் பாலை நிறுத்தினார்கள். இன்சுலினை நிறுத்தவில்லை. திரும்பி வந்ததும் தமனி ரத்தத்தில் 3.8. மயக்கத்தில் இருப்பவன் தலை சுற்றுகிறது, படபடக்கிறது என்று சொல்லவா முடியும், ரத்தத்தைப் பார்த்தால்தான் உண்டு. உடனே இன்சுலினை நிறுத்தி டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றி, கால் மணிக்கொரு தடவை பார்த்ததில் 7க்கு ஏறியது.

அன்று மாலையே தம்பியைக் கவனித்த நர்ஸ் பால் பம்பின் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, "பால் நின்றால் இன்சுலினும் நிற்கணும்" என்று மலாயில் பெரிதாக எழுதி வைத்தார். எட்டாம் நாள் மறுபடி ஸ்கேன். இரண்டு பம்பும் சேர்ந்தே நின்றன, திரும்பி வந்தபோது 8.4.