பெயர்ப்பலகைக்கு 60 டிகிரி பிட்டா, 90 டிகிரி பிட்டா?

வீட்டு வாசலுக்கு "அன்பகம்" என்று தேக்கில் CNC இயந்திரத்தால் செதுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலகை 18 மி.மீ. கனம், எழுத்தின் கோடு அதிக அகலமான இடத்தில் 8 மி.மீ. இதற்கு எந்தக் கோணத்து வி-பிட், அதாவது V வடிவக் கூர்முனை கொண்ட வெட்டும் பிட்?

வி-கார்விங்கில் ஆழத்தை நாம் தனியாகச் சொல்வதில்லை. பிட்டின் முனை கோட்டின் நடுவே ஓடும். இரு பக்கச் சரிவும் அவுட்லைனைத் தொடும்வரை கீழே இறங்கும். அதனால் 90 டிகிரியில் ஆழம் அகலத்தில் பாதி, அதாவது 4 மி.மீ. 60 டிகிரியில் கிட்டத்தட்ட 7 மி.மீ. ன், ம் இரண்டின் மேலும் வரும் புள்ளி 5 மி.மீ. விட்டம் என்றால் 90-ல் இரண்டரை மி.மீ. பள்ளம்தான், 60-ல் நாலேகாலுக்கும் சற்று மேலே போகும். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு நிழல் விழுவது இரண்டாவதில்தான்.

நிழலை விடவும் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பெயின்ட் அடித்துக் காய்ந்ததும் மேற்பரப்பைத் தேய்ப்போம் இல்லையா, அதில் அரை மி.மீ. போனால் 90 டிகிரி எழுத்தின் கோடு முழுசாக 1 மி.மீ. மெலிந்துவிடும், 60-ல் 0.6 மி.மீ.க்கும் குறைவு. 8 மி.மீ. கோட்டில் இது தெரியாது, 2 மி.மீ. நுனியில் பாதியே காணாமல் போகும். பலகை வளைந்திருந்தாலும் இதே கணக்குதான். ஒரு ஓரத்தில் எழுத்து தடித்தும் மறு ஓரத்தில் மெலிந்தும் வந்தால் பிட்டைத் திட்டாதீர்கள், பலகை சமமாக இல்லை. எந்தப் பிட் போட்டாலும் முதலில் பலகையின் முகத்தை மட்டம் செய்துவிட்டு ஆழம் தொடங்கும் Z பூஜ்யத்தை அந்த முகத்தில் வையுங்கள்.

90-க்கும் ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும்: 'அ'வின் சுழிக்குள் நிற்கும் சின்னத் தீவு அடியில் அகலமாக இருப்பதால் எளிதில் பெயராது. மென்மையான மரமென்றால் நான் 90-தான் போடுவேன். தேக்குக்கு 60.

அப்புறம் அவுட்லைன். படத்தை டிரேஸ் செய்து எடுப்பது ஒரு வழி, எழுத்துருவில் தட்டச்சு செய்து Inkscape-இல் `Path > Object to Path` கொடுப்பது இன்னொரு வழி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இரண்டாவதுதான். டிரேஸ் செய்த விளிம்பில் கண்ணுக்கே தெரியாத நெளிவுகள் இருக்கும், மென்பொருள் ஒவ்வொன்றையும் ஒரு மூலை என்று நினைத்து நடுக்கோட்டிலிருந்து ஒரு கிளையை அங்கே அனுப்பும். செதுக்கிய சரிவில் மயிரிழைக் கீறல்களாக அவை தெரியும். முன்னோட்டத்தில் நடுக்கோடு மீன்முள் மாதிரி இருந்தால் நிறுத்திவிட்டு அவுட்லைனில் உள்ள நோட் புள்ளிகளைக் குறையுங்கள்.

எழுத்துகளை நெருக்கி வைத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பிரித்து (`Path > Break Apart`) விளையாடாமல் `Path > Union` கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏறிய இடம் செதுக்கப்படாமல் மேடாக நிற்கலாம். கொடுத்த பிறகு 'அ'வின் சுழி அடைபடவில்லையா என்று மட்டும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.