பீரோ விலையை அடுத்த ஆண்டுக்குக் கணிக்க: ஒரே குறியீட்டெண்ணா, உருப்படிக்கு ஒன்றா?

மதுரைக்கு அருகே கப்பலூரில் என் மாமா நடத்தும் எஃகு பீரோ பட்டறைக்குக் கணக்கு எழுதுவதும் கொட்டேஷன் தயாரிப்பதும் என் பொறுப்பு. 2021 மார்ச்சில், ஒரு விடுதிக்கு 120 பீரோ செய்து தர விலை கேட்டார்கள். 2020-21இல் செய்த அதே அளவு ஆறரை அடி பீரோவின் செலவுத்தாள் கையில் இருந்தது. அந்தப் பழைய செலவை 2021-22க்கு எப்படிக் கொண்டுவருவது என்பதில் எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. மொத்தச் செலவை, விலைவாசி மாற்றத்தை அளக்கும் ஒரே பொதுக் குறியீட்டெண்ணால் உயர்த்துவது ஒன்று. தகடு, பூட்டு, பவுடர் கோட்டிங், கூலி என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய குறியீட்டெண்ணால் உயர்த்துவது மற்றொன்று. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். இன்றும் அதையே செய்கிறேன். ஆனால் அந்த வழியிலும் ஒரு படி தவறினால் முதல் வழியை விட எந்த நன்மையும் கிடைக்காது என்பதையும் அந்த ஆண்டுதான் கற்றுக்கொண்டேன்.

இரண்டு வழிக்கும் சூத்திரம் ஒன்றுதான்: பழைய செலவைப் புதிய குறியீட்டெண்ணால் பெருக்கிப் பழைய குறியீட்டெண்ணால் வகுக்க வேண்டும்.

பொதுக் குறியீட்டெண் வழியில் வேலை மிகக் குறைவு. மத்திய வணிக, தொழில் அமைச்சகத்தின் பொருளாதார ஆலோசகர் அலுவலகம் மாதந்தோறும் வெளியிடும் மொத்த விலைக் குறியீட்டெண்ணை எடுத்துக்கொண்டால் போதும். 2011-12ஐ 100 என்று கொண்ட வரிசையில், அனைத்துப் பொருள்களுக்குமான ஆண்டுச் சராசரி 2020-21இல் 123.4 ஆகவும் 2021-22இல் 139.4 ஆகவும் இருந்தது. கொட்டேஷன் போட்ட நாளில் இரண்டாவது எண் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. ஆனாலும் முன்கூட்டியே தெரிந்திருந்ததாக வைத்துக்கொண்டு இந்த வழிக்கு முழுச் சலுகை கொடுத்துப் பார்க்கிறேன். பழைய பீரோவின் செலவு 6,600 ரூபாய். அதை 139.4ஆல் பெருக்கி 123.4ஆல் வகுத்தால் 7,456 ரூபாய் வருகிறது. உயர்வு ஏறத்தாழ 13 சதவீதம்.

இந்த எண்ணில் கச்சா எண்ணெயும் காய்கறியும் பருத்தி நூலும் மருந்தும் சேர்ந்திருக்கின்றன. எங்கள் பீரோவில் அவை இல்லை. இதன் விளைவு மறுபக்கமும் போகும். 2022-23இல் 152.5 ஆக இருந்த அதே சராசரி 2023-24இல் 151.4 ஆக இறங்கியது. அந்த ஆண்டு இந்த வழியில் கணக்கிட்டிருந்தால் பீரோவின் செலவு சற்றுக் குறையும் என்றே விடை வந்திருக்கும். பட்டறையில் கூலியோ வாடகையோ அந்த ஆண்டு குறையவில்லை.

இனி, பிரித்துக் கணக்கிட்ட விதத்தைச் சொல்கிறேன். பழைய 6,600 ரூபாயில், குளிர்நிலையில் உருட்டிய சி.ஆர். எஃகுத் தகடு 64 கிலோ, கிலோ 55 ரூபாய் வீதம் 3,520. பூட்டு, கைப்பிடி, கண்ணாடி எல்லாம் சேர்ந்து 640. பவுடர் கோட்டிங் 700. வெட்டுதல், மடக்குதல், ஸ்பாட் வெல்டிங், பொருத்துதல் ஆகியவற்றுக்கான கூலி 1,300. மின்சாரம், வாடகை முதலியவை 440. தகடு மட்டுமே பாதிக்கு மேல், அதாவது 53 சதவீதம். ஆகவே தகட்டைச் சரியாகப் பிடித்துவிட்டால், மற்ற நான்கிலும் சிறு பிழை வந்தாலும் விடை பெரிதாகக் கெடாது.

மொத்த விலைக் குறியீட்டெண்ணுக்குள்ளேயே சி.ஆர். சுருள், தகடு ஆகியவற்றுக்குத் தனி எண்வரிசை உண்டு. அந்த வரிசையின் எண்களைக் கணக்கு புரிவதற்காக இங்கே முழு எண்களாக்கித் தருகிறேன். தகடு வாங்கிய 2020 செப்டம்பரில் 110 என்றும் கொட்டேஷன் போடும்போது 143 என்றும் கொள்வோம். விகிதம் 1.30, தகட்டின் புதிய செலவு 4,576 ரூபாய். மற்றவற்றுக்கும் அதேபோல விகிதம் பார்த்தால் பூட்டு வகைக்கு 691, பவுடர் கோட்டிங்குக்கு 784, கூலிக்கு 1,378, மின்சாரம் வாடகைக்கு 462 வந்தன. கூட்டுத்தொகை 7,891 ரூபாய். பொதுக் குறியீட்டெண் தந்த விடையை விட இது பீரோ ஒன்றுக்கு 435 ரூபாய் அதிகம். 120 பீரோவுக்கு 52,200 ரூபாய். எங்கள் அளவிலான பட்டறைக்கு அந்த ஆர்டரின் லாபமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆனால் 7,891 என் முதல் விடை அல்ல. முதலில் நான் போட்ட கணக்கில் தகட்டுக்கு வகுக்கும் எண்ணாக 2020-21இன் சராசரியை வைத்திருந்தேன், ஏனென்றால் செலவுத்தாளின் தலைப்பில் அந்த ஆண்டுதான் எழுதியிருந்தது. அந்தச் சராசரி 121 என்று கொள்வோம். 143ஐ 121ஆல் வகுத்தால் 1.18தான் வரும், தகட்டின் செலவு 4,160 ரூபாயில் நின்றுவிடும். மற்ற நான்கையும் மாற்றாமல் கூட்டினால் 7,475. பொதுக் குறியீட்டெண் ஒரே வரியில் தந்த 7,456க்கும், ஐந்தாகப் பிரித்து அரை நாள் உழைத்துப் பெற்ற இந்த விடைக்கும் 19 ரூபாய்தான் வேறுபாடு. பிரித்ததன் பயன் முழுவதையும் அந்த ஒரு வகுக்கும் எண் தின்றுவிட்டது.

பிழை எங்கிருந்து வந்தது என்றால், அந்தப் பீரோ எந்த மாதம் செய்யப்பட்டது என்பதும் அதன் தகடு எந்த மாதம் வாங்கப்பட்டது என்பதும் வேறு வேறு. நாங்கள் தகட்டை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை லோடாக இறக்கி, மாதக்கணக்கில் எடுத்துப் பயன்படுத்துகிறோம். பீரோ டிசம்பரில் செய்யப்பட்டிருந்தாலும் 55 ரூபாய் என்பது செப்டம்பர் விலை. அதை டிசம்பர் எண்ணால் வகுத்தாலும் ஆண்டுச் சராசரியால் வகுத்தாலும், நடந்து முடிந்த உயர்வின் ஒரு பகுதி கணக்கில் சேராமல் போய்விடும். கூலி அப்படி அன்று. வாரந்தோறும் கொடுப்பதால் அதற்குப் பீரோ செய்த மாதமே சரி. பூட்டும் கைப்பிடியும் பெட்டிப் பெட்டியாக அவ்வப்போது வருபவை. அவற்றுக்குச் சராசரி வைத்தாலும் தவறில்லை. ஒரே செலவுத்தாளுக்குள் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒவ்வொரு பிறந்த மாதம் இருக்கிறது. மொத்தத்தையும் ஒரே எண்ணால் உயர்த்துகிறவருக்கு இதைத் திருத்த வழியே இல்லை. பிரித்துக் கணக்கிடுகிறவருக்கு உண்டு. இரண்டாவது வழியை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் முதன்மைக் காரணம்.

ஆகவே இப்போது செலவுத்தாளில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் வாங்கிய மாதத்தை எழுதி வைக்கிறேன். பில்லும் ஸ்டாக் புத்தகமும் பார்த்தால் அது தெரிந்துவிடும். பழைய இருப்பும் புதிய லோடும் கலந்து செலவானால், இரண்டு மாத எண்களையும் கிலோ விகிதத்தில் சராசரி செய்துகொள்கிறேன். வகுக்கும் எண் சரிதானா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. குறியீட்டெண் விகிதத்தால் பழைய கிலோ விலையைப் பெருக்கி, வரும் விலையை அன்றைய வியாபாரியின் விலையோடு ஒப்பிட வேண்டும். 55ஐ 1.30ஆல் பெருக்கினால் 71 ரூபாய் 50 காசு. அன்று எங்கள் வியாபாரி சொன்ன விலை 72. சராசரியை வைத்திருந்தபோது 65 ரூபாய்தான் வந்தது. அந்த ஏழு ரூபாய் இடைவெளிதான் என் பிழையை எனக்குக் காட்டியது. ஓரிரு ரூபாய் வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். மொத்த விலைக் குறியீட்டெண்ணில் தயாரிப்புப் பொருள்களுக்கு ஆலை வாசல் விலையே சேர்கிறது. லாரி வாடகையும் வியாபாரியின் பங்கும் ஜி.எஸ்.டி.யும் அதில் இல்லை. பழைய செலவையும் ஜி.எஸ்.டி. நீக்கியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கூலிக்கு நான் பயன்படுத்துவது தொழிலாளர் செயலகம் வெளியிடும் தொழிலகத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண். அதில் மதுரைக்கும் தனி எண் உண்டு. எங்கள் பழைய பீரோவின் காலத்திலேயே அந்த வரிசையில் ஒரு கண்ணி இருந்தது. 2020 ஆகஸ்டு வரை 2001ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசை. செப்டம்பரிலிருந்து 2016ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசை. அகில இந்திய எண் ஆகஸ்டில் 338, செப்டம்பரில் 118.1. விலைவாசி மூன்றில் ஒரு பங்காகிவிடவில்லை, அளவுகோல் மாறியிருக்கிறது. அகில இந்திய எண்ணுக்கு இணைப்புக் காரணி 2.88, 118.1ஐ அதனால் பெருக்கினால் 340.1 என்று பழைய வரிசையோடு பொருந்திவிடும். மதுரை எண்ணுக்கு இந்த 2.88ஐப் பயன்படுத்தக் கூடாது; ஒவ்வொரு மையத்துக்கும் இணைப்புக் காரணி தனி.

இந்தக் கூலிக் கணக்கில்தான் எனக்கு உறுதி குறைவு. அந்தக் குறியீட்டெண் அளப்பது தொழிலாளியின் குடும்பச் செலவைத்தானே தவிர அவர் வாங்கும் கூலியை அன்று. நல்ல ஸ்பாட் வெல்டர் ஒருவர் வேறு பட்டறைக்குப் போகப் பார்த்தால், எந்தக் குறியீட்டெண்ணும் சொல்லாத உயர்வை ஒரே நாளில் கொடுக்க வேண்டியிருக்கும். மின்கட்டணமும் குறியீட்டெண்ணுக்குக் கட்டுப்படாது. 2022 செப்டம்பர் 10இல் நடந்ததுபோல ஆணை வரும்போது ஒரேயடியாக மாறும். அதற்கு இப்போது பில் தொகையையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆர்டர் உறுதியானதும் முழுத் தகட்டையும் கிலோ 72 ரூபாய்க்கு வாங்கிவிட்டோம். வேலை முடிந்தபோது பீரோ ஒன்றின் உண்மைச் செலவு 7,998 ரூபாய். கணிப்பை விட 107 ரூபாய் கூடுதல். அதில் தகட்டின் பங்கு 32 ரூபாய். கூலியின் பங்கு 52 ரூபாய். பிழை எந்த வரியில் நேர்ந்தது என்று இப்படிச் சுட்டிக்காட்ட முடிவதும் பிரித்துக் கணக்கிடுவதால் கிடைப்பதுதான். அடுத்த கொட்டேஷனில் திருத்த வேண்டியது கூலிக் கணக்கு என்று எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

எந்தக் குறியீட்டெண்ணும் பழைய செலவை இன்றைய விலைக்குக் கொண்டுவரும். நாளைய விலை அதில் இல்லை. தகட்டின் ஏறுமுகத்தை அப்படியே அடுத்த ஆண்டுக்கும் நீட்டுவதை நான் தவிர்க்கிறேன். 2022 மே 22 முதல் எஃகுப் பொருள்கள் பலவற்றுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. நவம்பர் 19இல் அது நீக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை திசை மாறக்கூடிய பொருளுக்குக் கோடு போட்டு நீட்டுவது வீண். ஆகவே கூலிக்கு மட்டும் அடுத்த ஆண்டின் பேசி முடித்த உயர்வைச் சேர்க்கிறேன். தகட்டை அன்றைய விலையிலேயே நிறுத்தி, கொட்டேஷனுக்கு 30 நாள் கெடு வைக்கிறேன்; நீண்ட ஆர்டரானால் கிலோ விலை மாற்றத்தை 64 கிலோவுக்குக் கூட்டவோ கழிக்கவோ ஒரு நிபந்தனை எழுதிவிடுகிறேன்.

தகட்டைப் போல ஒரே பொருள் செலவில் பாதியை ஆளும் பண்டங்களுக்கு நான் சொன்னது பொருந்தும் என்று நம்புகிறேன். அப்பளம் போடுகிறவர்கள் உளுந்துக்கு இதைச் செய்யலாமா என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டார். அறுவடைக்கு முன்னும் பின்னும் விலை மாறும் பொருளுக்கு ஒரு மாத எண்ணை மற்றொரு மாத எண்ணால் வகுத்தால் பருவ வேறுபாடும் உயர்வோடு கலந்துவிடும். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். அதை நானே செய்து பார்த்ததில்லை. செலவு பத்துப் பதினைந்து சிறு பொருள்களில் சமமாகச் சிதறிக் கிடக்கும் பண்டத்துக்குப் பொதுக் குறியீட்டெண்ணே போதுமானதாக இருக்கலாம். எங்கள் பட்டறையிலும் 440 ரூபாய் உருப்படியில் மின்சாரம் போக மிஞ்சுவதற்கு அதைத்தான் வைத்திருக்கிறேன்.