காரைக்குடியில் புத்தகம் அச்சடிக்கக் கொடுக்கிறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க – ₹42,000 போச்சு

கோபம் இன்னும் அடங்கலை. பார்சலைப் பிரிச்ச கையோட எழுதுறேன்.

எங்க அயித்தை ரங்கூனுக்கு லேவாதேவிக்குப் போன ஒரு குடும்பத்தைப் பத்தி நாவல் எழுதியிருக்காங்க. அவங்க எழுபதாம் சாந்திக்கு வர்ற சொந்தக்காரங்களுக்குக் கொடுக்க 300 பிரதி. ஊர்லயே ஒரு டிடிபி கடை, அச்சும் அவங்களே போட்டுத் தர்றதா சொன்னாங்க. கடை பேரை எழுதலை.

வாங்கிப் படிக்கப்போறவங்க முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டினவங்கன்னு முதல்லயே சொன்னேன். அந்தத் தம்பி அவ்வளவு பொறுமையா உட்கார்ந்து கேட்டாரு. டெம்மி அளவு, எழுத்து 11 பாயிண்ட், வரிக்கு வரி 16 பாயிண்ட், பக்கத்துக்கு 31 வரி, மொத்தம் 304 பக்கம். ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையிலயே கொடுத்தாரு. அருமையா இருந்துச்சு. "அயித்தைகிட்ட காட்டுங்கண்ணே, அவங்களுக்குக் கண்ணாடியே வேண்டாம்"னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் முழுப்பணம் ₹42,000-ஐயும் முன்கூட்டியே கொடுத்தேன்.

வந்த புத்தகத்துல 208 பக்கம்தான் இருக்கு. பில்லுல 304.

கேட்டா, "எழுத்து 11 தாண்ணே, ஃபைலைத் திறந்து பாருங்க"ங்கிறாரு. ஃபைலில் 11 தான் இருக்கு, ஏமாத்துனதே அதுலதான். பாயிண்ட்ங்கிறது எழுத்தோட உயரம் இல்லை, எழுத்து உட்கார்ற கட்டத்தோட உயரம். அந்தக் கட்டத்துக்குள்ள எழுத்து பெருசாவும் இருக்கலாம், ஒடுங்கியும் இருக்கலாம். எனக்குக் காட்டின மாதிரிப் பக்கத்துல இருந்தது அந்த எழுத்துருக் குடும்பத்துல உள்ளே ஓடுற வாசகத்துக்குன்னு வரைஞ்ச வடிவம், அதாவது வெட்டு. அச்சுக்குப் போனது அதே குடும்பத்துல பெரிய தலைப்புக்குன்னு வரைஞ்ச வெட்டு. பிடிஎஃப்ல Properties போய் Fonts பார்த்தேன், பேருக்குப் பின்னாடி Display-னு நிக்குது.

ஈய எழுத்து காலத்துல ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியா எழுத்து வெட்டுவாங்க. சின்ன அளவுக்குக் கோடு தடிப்பா, எழுத்து அகலமா, நடுவுல இடம் தாராளமா இருக்கும். பெரிய அளவுக்குக் கோடு மெலிசா, நெருக்கமா இருக்கும். ஆப்டிகல் சைஸ்னு இப்போ சொல்றது இதைத்தான். சில எழுத்துருவில் Text, Display-னு தனித்தனி ஃபைலா வரும், சிலதுல opsz-னு ஒரே ஃபைலுக்குள்ள இருக்கும். முப்பது பாயிண்ட்ல அழகா நிக்கிற தலைப்பு வெட்டை 11-ல மேப்லித்தோ தாள்ல அடிச்சா மெல்லிய கோடு அங்கங்கே அறுந்துபோகுது, ண, ஞ நடுவுல மை அடைச்சுக்குது. எல்லாத்தையும் விடக் கொடுமை புள்ளி. "கண்டான்"ல ரெண்டு புள்ளியும் இல்லை, "கணடான" ஆயிருச்சு. அயித்தை ஒரு வரியை மூணு தடவை படிச்சுட்டு, "நான் இப்படியா எழுதினேன்?"னு கேட்டாங்க.

வரி இடைவெளியிலயும் கை வச்சிருக்காங்க. 16-ஐ 12 ஆக்கி, பக்கத்துக்கு 41 வரி திணிச்சிருக்காங்க. ஆங்கிலத்துக்கே 11-க்கு 12 நெருக்கம்தான். தமிழ்ல மேலே கீ, வீ சுழி, கீழே ழூ, து வால். மேல் வரி வால் கீழ் வரிச் சுழியில போய் முட்டுது. ஸ்கேல் வச்சு அளந்தேன். ஒரு வரியோட அடியில இருந்து அதுக்குப் பத்து வரி தள்ளி உள்ள வரியோட அடி வரைக்கும் 42 மில்லிமீட்டர். 16 பாயிண்ட்னா 56 வந்திருக்கணும்.

எதுக்குன்னு கேட்டா கணக்கு சுலபம். 304 பக்கம்னா 16 பக்க ஃபாரம் பத்தொன்பது. 208-னா பதிமூணு. பிரதிக்கு ஆறு ஃபாரம் தாள் அவங்க பையில. நான் கொடுத்தது முழு ₹42,000.

ஃபோன் பண்ணேன். "பேப்பர் மையை இழுத்துருச்சுண்ணே." அடுத்து, "எல்லாப் பதிப்பகமும் இப்படித்தான் போடுறாங்க." நேர்ல போனேன். "ஓனர் சிவகாசி போயிருக்காரு." இப்போ எடுக்கிறதே இல்லை. சாந்திக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, ₹42,000 கொடுத்துட்டு வெறுங்கையோட நிக்கிறேன்.

எழுத்துருவை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு விரிவா எழுத நினைச்சேன், இப்போ முடியலை. இதை மட்டும் செய்யுங்க. திரையில பார்த்து ஒத்துக்காதீங்க. அச்சடிக்கப்போற அதே தாள்ல, அதே மெஷின்ல, 100% அளவுல ரெண்டு பக்கம் எடுக்கச் சொல்லுங்க. Fit-னு போட்டு எடுத்தா அளவு மாறிடும். புள்ளியெல்லாம் இருக்கான்னு, படிக்கப்போற பெரியவங்க கையில கொடுத்துப் பாருங்க. எழுத்துருவோட முழுப்பேர் (Text-ஆ Display-ஆ), வரி இடைவெளி, பக்கத்துக்கு எத்தனை வரி, மொத்தப் பக்கம், நாலையும் பில்லுலயே எழுதி வாங்குங்க. கடைசி பிடிஎஃப் கையில வந்து Fonts பார்த்த பிறகுதான் பாதிப் பணமே கொடுக்கணும்.