புயலுக்குப் பிறகு வரும் டவர் லாரி: மைக்ரோவேவ் இணைப்பா, சாட்டிலைட் இணைப்பா?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்ததுபோல இன்னொரு புயல் வந்து, வேளச்சேரியில் ஒரு டவர் சாய்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதற்குப் பதிலாகத் தற்காலிக டவரைச் சுமந்து வரும் லாரியை நிறுத்தி, கம்பத்தை உயர்த்தி, ஜெனரேட்டரை ஓட்டினால் லாரி தயார். ஆனால் கால் போகாது. லாரியிலிருந்து நெட்வொர்க்குக்குப் போகும் பின்வழி இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை.

சாட்டிலைட் டிஷ் என்றால் வானம் தெரிந்தால் போதும், பக்கத்தில் எந்த டவரும் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. ஆனால் வழி குறுகல். 4 எம்பிபிஎஸ் கிடைத்து, ஒரு அழைப்புக்கு 40 கேபிபிஎஸ் போனால், ஒரே நேரத்தில் சுமார் 100 பேர்தான் பேச முடியும். செயற்கைக்கோள் 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பதால், நாம் "ஹலோ" சொல்லி மறுமுனையின் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். கனமழையில் இணைப்பு தடுமாறும்.

மைக்ரோவேவ் என்பது ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு நேராக ரேடியோ கற்றையை அனுப்பும் இணைப்பு. இதில் வேகம் பல மடங்கு அதிகம், தாமதமும் தெரியாது. ஆனால் ஃபைபர் அறுபடாத ஒரு டவர், உதாரணமாக கிண்டியில், நேர்ப்பார்வையில் இருக்க வேண்டும். நடுவே ஓர் அடுக்குமாடி வந்தாலே போச்சு. கற்றையின் அகலம் ஓரிரு டிகிரிதான், கம்பம் ஆடினால் குறி விலகிவிடும். காற்று அடிக்கும்போதெல்லாம் சிக்னல் அளவு ஏறி இறங்கினால், கம்பத்தின் இழுவைக் கம்பிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் நாள் சாட்டிலைட். வீட்டுக்குத் தகவல் சொல்ல ஒரு எஸ்எம்எஸ் போனாலே பெரிய விஷயம். கிண்டி டவருக்குக் கரண்ட் வந்ததும் மைக்ரோவேவுக்கு மாற்றிவிடலாம்.