ஸ்டைல்ஷீட்டைத் தொடும் முன்: உலாவியின் டெவலப்பர் டூல்ஸுடன் நீண்ட காலப் பழக்கம்

தமிழ்க் கட்டுரைகள் வெளியாகும் ஒரு சிறிய இணையதளத்தின் தோற்றத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். நிறம், இடைவெளி, எழுத்துரு ஆகியவற்றில் எந்த மாற்றம் செய்வதானாலும், ஸ்டைல்ஷீட்டைத் திறப்பதற்கு முன் உலாவியிலேயே அதைச் செய்து பார்த்துவிடுவது வழக்கம். பெரும்பாலும் குரோமையும், எழுத்துரு சார்ந்த வேலைகளுக்கு ஃபயர்பாக்ஸையும் பயன்படுத்துகிறேன். உலாவியோடே வரும் டெவலப்பர் டூல்ஸ் என்ற இந்தக் கருவி எதைக் காட்டுகிறது, எங்கே நம்மை நம்பவைத்து ஏமாற்றுகிறது என்பதை அண்மையில் கட்டுரைப் பக்கத்தைச் சீரமைத்த வேலையை வைத்தே சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தில் கட்டுரையின் எழுத்து 16px அளவிலும், வரி உயரம் 1.4 என்றும் இருந்தன. தமிழில் ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் கொக்கிகள் மேலேயும், ‘கூ’, ‘ழு’ போன்றவற்றின் சுழிகள் கீழேயும் நீள்வதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரி உயரம் தமிழுக்கு நெருக்கடியாகிவிடுகிறது. பத்தியின் மேல் வலச்சொடுக்கி Inspect என்பதைத் தேர்ந்தால், Styles பகுதியில் அந்தப் பத்திக்குப் பொருந்தும் விதிகள் வரிசையாகத் தெரியும். ஒரு மதிப்பின் மேல் சொடுக்கி மேல், கீழ் அம்புக்குறிகளை அழுத்தினால் அது ஒவ்வொன்றாகக் கூடும் அல்லது குறையும். வரி உயரத்தை இப்படி மாற்றினால் 1.4 ஒரே தாவலில் 2.4 ஆகிவிடும் என்பதால், குரோமில் Alt விசையைச் சேர்த்து அழுத்தி 0.1 அளவில் நகர்த்த வேண்டும். கண் பக்கத்தின் மேலும் கை விசையின் மேலும் இருக்க, 1.6, 1.7, 1.8 என்று ஒரு முழுப் பத்தியைப் படித்தபடியே மாற்றிப் பார்ப்பதில் கிடைக்கும் தெளிவு, கோப்பைச் சேமித்துப் பக்கத்தைப் புதுப்பிக்கும் முறையில் கிடைப்பதில்லை. புதுப்பிப்பதற்குள் முந்தைய தோற்றம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

இங்கே எந்த இடத்தில் தட்டச்சு செய்கிறோம் என்பது மிக முக்கியம். Styles பகுதியின் உச்சியில் `element.style` என்று வெறுமையான ஓர் இடம் இருக்கும். அதில் எழுதுவது எளிது, உடனே பலிக்கவும் செய்யும். ஆனால் அது அந்த ஒரு பத்திக்கு மட்டுமே பொருந்தும். அடுத்த பத்தி பழையபடியே இருப்பதால், பக்கம் முழுவதும் எப்படி இருக்கும் என்பதை அது காட்டாது. அதைவிடப் பெரிய சிக்கல், அங்கு எழுதப்படுவது HTML குறியின் உள்ளேயே எழுதியதற்குச் சமம் என்பதால், `!important` இல்லாத ஸ்டைல்ஷீட் விதிகள் எல்லாவற்றையும் அது வென்றுவிடும். அதே வரியை ஸ்டைல்ஷீட்டுக்கு மாற்றியதும், வேறொரு வலுவான விதி அதை அமுக்கிவிட, பக்கத்தில் எதுவும் மாறாமல் இருக்கும். அப்படி ஆனதா என்று அறிய Styles பகுதியைப் பார்த்தாலே போதும்: தோற்றுப்போன வரியின் மேல் கோடு விழுந்திருக்கும். ஆகவே `element.style` என்ற இடத்தைத் தவிர்த்து, ஏற்கெனவே உள்ள விதிக்குள்ளேயே திருத்துவதையும், புதிய விதி தேவையானால் ‘+’ குறியை அழுத்தி உருவாக்கிக்கொள்வதையும் பரிந்துரைக்கிறேன். அந்த விதி தோற்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

நிறத்துக்கு வருவோம். தலைப்பின் கீழுள்ள தேதி வரி `#999999` என்ற சாம்பல் நிறத்தில் இருந்தது. பின்னணி `#faf7f0` என்ற வெளிர் மஞ்சள். குரோமில் `color` மதிப்பின் அருகிலுள்ள சிறு சதுரத்தைச் சொடுக்கினால் நிறத்தேர்வுப் பெட்டி திறந்து, எழுத்துக்கும் பின்னணிக்குமான வேறுபாட்டு விகிதத்தைக் காட்டும். இங்கே அது 2.7-ஐக்கூட எட்டவில்லை. சாதாரண அளவு எழுத்துக்கு அணுகல் வழிகாட்டுதல்கள் கேட்கும் குறைந்தபட்சம் 4.5. இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும் `#767676` வெள்ளைப் பின்னணியில் இந்த வரம்பைத் தாண்டும் என்றாலும், இந்த வெளிர் மஞ்சளின் மேல் அது சுமார் 4.2 தான். விகிதப் பகுதியை விரித்தால் நிறப்பரப்பின் மீது அந்த 4.5 வரம்பைக் குறிக்கும் ஒரு கோடு தோன்றும். தெரிவுப் புள்ளியை அதற்குக் கீழே இழுத்து `#6f6f6f` என்ற நிறத்தில் நிறுத்தினேன். விகிதம் 4.7 ஆனது, வரி இன்னும் அடக்கமாகவே தெரிந்தது. எழுத்தின் பின்னால் படமோ நிறச்சரிவோ இருந்தால் இந்த விகிதத்தை நம்பியிருக்க முடியாது; அங்கே கண்ணால்தான் தீர்மானிக்க வேண்டும்.

எழுத்துருவில்தான் இந்தக் கருவி அதிகம் உதவுகிறது, அதிகம் தவறாக வழிநடத்தவும் செய்கிறது. தளத்தின் `font-family` வரியில் ரோபோட்டோ என்ற எழுத்துரு மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது. அதில் தமிழ் எழுத்துகள் இல்லை. Computed பகுதியின் அடியில் Rendered Fonts என்ற தலைப்பின் கீழ், உண்மையில் திரையில் வரையப்பட்ட எழுத்துருக்கள் தெரியும். என் விண்டோஸ் கணினியில் எண்களும் ஆங்கிலச் சொற்களும் ரோபோட்டோவிலும், தமிழ் முழுவதும் இயங்குதளத்தின் நிர்மலா எழுத்துருவிலும் இருந்தன. ஒரே வரியில் ஆண்டுகள் தமிழ் எழுத்துகளோடு ஒட்டாமல் நின்றதற்குக் காரணம் அதுதான்.

நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவின் பெயரை அந்த வரியில் தட்டச்சு செய்ததும் பக்கம் அழகாக மாறியது. ஆனால் Rendered Fonts அதன் அருகே Local file என்று காட்டியது: அது என் கணினியில் நிறுவப்பட்டிருந்ததால் வந்த அழகு, வாசகருக்குப் போய்ச்சேராது. Network resource என்று காட்டினால்தான் தளமே எழுத்துருவை அனுப்புகிறது என்று பொருள். தடித்த எழுத்துக்கும் இதே கவனம் தேவை. தடித்த வடிவத்தின் கோப்பு ஏற்றப்படவில்லையென்றால், உலாவி சாதாரண வடிவத்தையே செயற்கையாகப் பருமனாக்கும். ‘ஞ’, ‘ணை’ போன்றவற்றின் உள்வெளிகள் அடைபட்டுத் தெரிந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். ஃபயர்பாக்ஸின் Fonts பகுதி அளவு, பருமன், வரி உயரம் ஆகியவற்றுக்கு நகர்த்திகளையே தருவதால் இந்தச் சோதனைக்கு அது வசதி.

செய்தவற்றைக் கோப்புக்குக் கொண்டுசெல்ல நினைவாற்றல் தேவையில்லை. இரண்டு உலாவிகளிலும் Changes என்ற பகுதி பழைய வரியையும் புதிய வரியையும் அடுத்தடுத்துக் காட்டுகிறது. பக்கத்தைப் புதுப்பித்தால் எல்லாம் போய்விடும் என்பதால், அதற்கு முன் அங்கிருந்து படியெடுத்துக்கொள்ள வேண்டும். என் வேலையின் முடிவில் அங்கிருந்து கோப்புக்குப் போனவை இவ்வளவுதான்:

```css
.post-body p {
  font-size: 18px;
  line-height: 1.8;
}
.post-meta {
  color: #6f6f6f;
}
```

பல பக்கங்களில் சென்று பார்க்க வேண்டிய மாற்றமானால், குரோமின் Sources பகுதியிலுள்ள Overrides வசதியை இயக்கி ஒரு கோப்புறையைக் காட்டினால், திருத்தங்கள் புதுப்பித்த பிறகும் நிலைக்கும். அதை அணைக்க மறந்துவிட்டால், சேவையகத்தில் உள்ள உண்மையான கோப்புக்குப் பதிலாக நம் பிரதியையே பார்த்துக்கொண்டிருப்போம்.

கைபேசித் தோற்றத்தைக் காட்டும் சாதன முறை திரையின் அகலத்தை மட்டுமே நம்பகமாகக் காட்டுகிறது. எழுத்துரு அங்கேயும் என் கணினியுடையதுதான். ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, குரோமில் `chrome://inspect` என்ற முகவரி வழியாக அதே பக்கத்தைத் திறந்தால், கைபேசியில் உண்மையில் எந்த எழுத்துரு வரையப்படுகிறது என்பதை Rendered Fonts சொல்லிவிடும். வரி உயரத்தை 1.8 என்று உறுதிசெய்தது அந்தத் திரையைப் பார்த்த பிறகுதான்.