ஊரில் தோல் பிரிவுக்குப் போன அனுபவம்: அரிக்காத ஒரு வெளிறிய திட்டு

இடது முழங்கைக்குச் சற்றுக் கீழே வெளிறிய ஒரு திட்டு. அரிப்பில்லை, செதில் உதிரவில்லை. நான் வசிக்கும் நாட்டில் தேமல் என்று பூஞ்சைக் களிம்பு கொடுத்தார்கள். மாதக்கணக்கில் பூசியும் அப்படியே இருந்தது. ஊருக்குப் போனபோது அரசு மருத்துவமனையில் காட்டினேன். வரிசை பொறுமையைச் சோதித்தது. உள்ளே போனபின் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அரிப்பில்லை என்றதும் மருத்துவரம்மா பஞ்சைத் திரியாக முறுக்கினார். நல்ல தோலில் தொட்டு, "தொட்ட இடத்தை விரலால காட்டுங்க" என்று முதலில் பழக்கினார். பிறகு கண்ணை மூடச் சொன்னார். சுற்றிலும் தொட்டதையெல்லாம் சரியாகக் காட்டினேன். திட்டின் நடுவே தொட்டது எனக்குத் தெரியவே இல்லை. பஞ்சை இழுக்காமல் தொட்டு எடுப்பதைக் கவனித்தேன். இழுத்தால் பக்கத்துத் தோல் உணர்ந்து ஏமாற்றிவிடுமாம்.

தேமலிலும் வெண்புள்ளியிலும் நிறம்தான் போகும், தொடுவுணர்வு போகாது. தொழுநோய்க் கிருமியோ நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் செல்களுக்குள் குடியேறுகிறது. அதனால்தான் உணர்வில்லாத திட்டு என்றதும் முதலில் தொழுநோயா இல்லையா என்று உறுதி செய்கிறார்கள். கிருமியை மருந்து கொன்றுவிடும். நீண்ட நாள் செத்துக் கிடந்த நரம்பை மீட்காது. முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப் போகும். அந்த நரம்பை இரு கைகளிலும் உருட்டிப் பார்த்துத் தடிப்பில்லை என்றார். சுண்டுவிரலை விரிக்கச் சொல்லி எதிர்த்து அழுத்தியும் பார்த்தார்.

காது மடலில் சிறிதாகக் கீறி எடுத்த சோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. எனக்கு மகிழ்ச்சி, அவருக்கு இல்லை. ஒன்றிரண்டு திட்டு மட்டும் உள்ளவர்களிடம் கிருமி மிகக் குறைவு, அதனால் இந்த முடிவை வைத்து நோயில்லை என்று சொல்ல முடியாது என்றார். திட்டின் ஓரத்தில் எடுத்த தோல் துணுக்கு தொழுநோயை உறுதி செய்தது. "நான் ஊரைவிட்டுப் போய் வருஷக்கணக்காச்சே மேடம்?" என்றேன். அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகுமாம்.

கூட்டு மருந்து 6 மாதம், இலவசம். ரத்தச் சோதனைக்குப் பிறகு முதல் வேளையை அவர்கள் முன்னாலேயே விழுங்கினேன். அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொன்னது நல்லதாயிற்று. நான் வசிக்கும் நாட்டிலுள்ள மருத்துவருக்கு மருந்துகளின் பெயர், தொடங்கிய தேதி, நரம்புச் சோதனை முடிவு எல்லாம் எழுதிக் கடிதமும் தந்தார். கையெழுத்துதான் கொஞ்சம் சோதனை.

கிளம்பும்போது ஒன்றை இரண்டு முறை சொன்னார்: சிகிச்சை நடக்கும்போதே திட்டு சிவந்து வீங்கினாலோ விரல் பலம் குறைந்தாலோ மாத்திரையை நிறுத்தக்கூடாது, உடனே காட்ட வேண்டும். அது உடலின் எதிர்ப்பு கிளப்பும் அழற்சி. அதற்கு ஸ்டீராய்டு தேவைப்படும்.