இருட்டியதும் அணைந்து அணைந்து வரும் கமரா: தடித்த வயரா, 24 வோல்ட்டா, பிஓஇயா?

உப்புவெளியில் வீட்டிலிருந்து கடற்கரை வாடிக்கு 60 மீற்றர் வயர் இழுத்து ஒரு கமரா போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பகலில் படம் தெளிவாக வரும். பொழுது சாய்ந்ததும் கமராவுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அகச்சிவப்பு எல்ஈடிகள் மங்கலான சிவப்பில் ஒளிரும், அடுத்த நொடியே படம் போய்விடும். கமரா மறுபடி உயிர்பெற்று, இருட்டைக் கண்டு, எல்ஈடியை ஏற்றி, மறுபடி விழும். விடியும்வரை இதுதான்.

கமராவை மாற்றுவதற்கு முன் பகலிலேயே சோதித்துப் பாருங்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒளி உணரியை விரலால் நன்றாக மூடினால் எல்ஈடி எரியும். அப்போதும் கமரா விழுந்தால், கமராவின் முனையில் மல்டிமீற்றரை வைத்து எல்ஈடி எரியும் கணத்தில் வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். கமராவைக் கழற்றிவிட்டு அளந்தால் 12 காட்டும். மின்னோட்டம் ஓடாத வயரில் வோல்ட் இறங்காது என்பதால் அந்த 12 ஒன்றையும் நிரூபிக்காது.

இப்போது கணக்கு. வயரின் இரு முனையையும் கழற்றி, ஒரு முனையில் இரண்டு கம்பியையும் முறுக்கிவிட்டு, மறுமுனையில் ஓம் அளக்க வேண்டும். 0.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் 60 மீற்றருக்கு, போய்வரும் தூரத்தையும் சேர்த்து 4 ஓம் சொச்சம் காட்ட வேண்டும். 6 ஓம் காட்டினால் அது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். 12 வோல்ட் சப்ளையில் (V) இந்த 6 ஓம் வயர் (R) கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய ஆகக்கூடிய வாட் (P) இவ்வளவுதான்:

```
P = V² ÷ (4 × R) = 144 ÷ 24 = 6
```

பகலில் கமரா 3 வாட் எடுக்கும். அப்போது அதற்கு 10.2 வோல்ட் கிடைக்கும், சமாளித்துவிடும். இரவில் எல்ஈடியோடு சேர்த்து 7 வாட் கேட்டால் இந்த வயரால் அதைக் கொடுக்கவே முடியாது. வோல்ட் குறையக் குறைய கமரா கூடுதல் அம்பியர் இழுக்கும், அது வோல்ட்டை இன்னும் இறக்கும்.

2 அம்பியர் அடப்டரை எடுத்துவிட்டு 5 அம்பியர் போடுவதுதான் பலரும் முதலில் செய்வது. குறை வயரில் இருக்கையில் அடப்டர் பெரிதாகிப் பயனில்லை. சரிசெய்யக்கூடிய பவர் சப்ளையை 13.8 வோல்ட்டுக்கு ஏற்றினால் இரவில் 9.3 வோல்ட் வரை கிடைக்கும். ஆனால் அது விளிம்பில் நிற்பதுதான். உப்புக்காற்றில் ஒரு இணைப்பு பச்சை பிடித்து ஒரு ஓம் கூடினாலே பழைய நிலைக்கு வந்துவிடும்.

1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் போட்டால் தடை 1.5 ஓமுக்குள் வந்து, இரவிலும் 11 வோல்ட் நிற்கும். இதில் பழுதாக ஒன்றுமில்லை. புதைத்த குழாயைத் திரும்பத் தோண்ட வேண்டியிருந்தால் மட்டும் செலவு கடிக்கும்.

பழைய வயரை விடாமல் தீர்க்க 24 வோல்ட்தான் என் தெரிவு. வீட்டில் 24 வோல்ட் சப்ளை, வாடியில் அதை 12 ஆக்கும் பக் கன்வேர்ட்டர். கன்வேர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 8 வாட் என்றால் வயரில் 0.37 அம்பியர்தான் ஓடும், 2.2 வோல்ட்தான் இறங்கும். கன்வேர்ட்டருக்கு 21.8 வோல்ட் வந்து சேரும், கமராவுக்கு இரவும் பகலும் 12. கமராவை இணைக்குமுன் திருகைத் திருப்பி 12.0 வைத்து, அது அசையாமல் ஒரு துளி பசையிட்டு, மூடும் பெட்டிக்குள் வையுங்கள். வயர் நுழையும் துளை பெட்டியின் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். இதில் ஒரு ஆபத்து உண்டு: கன்வேர்ட்டர் உள்ளே குறுக்குச்சுற்றானால் 24 வோல்ட்டும் கமராவுக்குள் போகும். மலிவான தகட்டுக்குப் பதிலாக 3 அம்பியர் தாங்கும், பிசின் ஊற்றி மூடிய வகையை வாங்குங்கள். அனலொக் கமராவில் படத்தில் கோடுகள் ஓடினால் கன்வேர்ட்டரின் இரைச்சலாக இருக்கலாம். அதன் வெளியீட்டில் 470 மைக்ரோபரட் கொண்டென்சர் ஒன்று வைத்துப் பாருங்கள்.

வாடியிலேயே 230 வோல்ட் இருந்தால் அடப்டரை அங்கேயே செருகலாம். கரண்ட் போனால் வீட்டு யூபிஎஸ் அதைக் காப்பாற்றாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

புதிதாகப் போடுபவருக்கும் ஐபி கமரா வைத்திருப்பவருக்கும் பிஓஇ. 48 வோல்ட் அளவில் மின் போவதால் 7 வாட்டுக்கு 0.15 அம்பியர் போதும், 100 மீற்றர் வரை ஒரே கேபிளில் படமும் மின்சாரமும் போகும். கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். கடையில் 'பிஓஇ ஸ்ப்ளிட்டர்' என்று ஒரு சோடி வயர்த்துண்டு மலிவாகக் கிடைக்கும். அதன் ஒரு முனையில் 12 வோல்ட் அடப்டர் செருகும் துளை இருந்து, உள்ளே எந்தச் சுற்றும் இல்லையென்றால், அது அதே 12 வோல்ட்டை நெட்வேர்க் கேபிளின் மெல்லிய கம்பிகளில் அனுப்புகிறது. அதை வாங்கிப் போட்டால் இருட்டியதும் அதே 'டிக்' சத்தம்தான் கேட்கும்.